பரிசோதனை முடிவுகளைப் பங்கேற்றவர்களுக்கு எழுதுவது: எண்களிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: சென்னையில் ஒரு மருத்துவமனையின் ஆய்வுப் பிரிவில் வேலை செய்கிறேன். ஒரு மருந்துப் பரிசோதனையின் முடிவு ஸ்லைடுகளைக் கொடுத்து, அதில் பங்கேற்றவர்களுக்குப் புரியும்படி தமிழில் இரண்டு பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் பலர் பள்ளிப் படிப்போடு நின்றவர்கள். எப்படி எழுதுவது?

பதில்:

ஸ்லைடுகளை முதலிலிருந்து வரிசையாகத் தமிழாக்க உட்காராதீர்கள். அந்த வரிசை மருத்துவர்களுக்காக அமைந்தது. பின்னணி, முறை, புள்ளியியல் எல்லாம் முடிந்த பிறகுதான் முடிவு வரும். பங்கேற்றவர் தாளைக் கையில் எடுத்ததும் தேடுவது மூன்றே விஷயங்கள்: என்ன தெரிந்தது, யாருக்கு என்ன பாதிப்பு வந்தது, நான் இப்போது என்ன செய்ய வேண்டும். இந்த மூன்றையும் சொல்லப் பெரும்பாலும் மூன்று ஸ்லைடுகள் போதும்: முதன்மை முடிவு, பாதிப்புகளின் அட்டவணை, யாரையெல்லாம் சேர்த்தார்கள் என்ற பக்கம்.

சொற்களை எளிமையாக்குவது எப்படியும் நடந்துவிடும். பெரும்பாலோர் சறுக்குவது எண்களில்தான். எனவே எண்களைப் பற்றியே விரிவாகச் சொல்கிறேன். உங்கள் ஸ்லைடுகள் இன்னும் வெளியாகாதவையாக இருக்கலாம் என்பதால், எல்லோருக்கும் தெரிந்த ஒரு ஆய்வை எடுத்துக்கொள்கிறேன். 2015இல் வெளியான ஸ்பிரிண்ட் என்ற அமெரிக்க ஆய்வு அது. ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணை 140க்குக் கீழே வைத்திருந்தால் போதுமா, 120க்குக் கீழே கொண்டுவந்தால் இன்னும் நல்லதா என்பதுதான் கேள்வி. 50 வயதைத் தாண்டிய, இதய நோய் வரும் அபாயம் அதிகமுள்ள 9,361 பேர் பங்கேற்றார்கள்.

அதன் முதன்மை முடிவு ஸ்லைடில் இப்படித்தான் இருக்கும்: 120 குழுவில் ஆண்டுக்கு 1.65 சதவீதம், 140 குழுவில் ஆண்டுக்கு 2.19 சதவீதம், அபாய விகிதம் 0.75. கீழே பெரிய எழுத்தில் "25 சதவீதம் குறைவு". பார்த்ததும் கை அந்த 25ஐத்தான் எடுத்து எழுதப் பார்க்கும். "120க்குக் கீழே கொண்டுவந்ததால் ஆபத்து 25 சதவீதம் குறைந்தது" என்று எழுதினால் அது பொய்யில்லை. ஆனால் படிப்பவர், 100 பேரில் 25 பேர் காப்பாற்றப்பட்டார்கள் என்றே எடுத்துக்கொள்வார். உண்மை அதற்கு மிகத் தொலைவில் இருக்கிறது.

ஆகவே சதவீதத்தை விட்டுவிட்டு, தலைகளை எண்ணுங்கள். ஸ்லைடில் இல்லையென்றால் புள்ளியியலாளரிடம் கேட்டு வாங்குங்கள். ஸ்பிரிண்டில் 120 குழுவில் 4,678 பேர். அவர்களில் 243 பேருக்கு இதயம் அல்லது ரத்தக்குழாய் சார்ந்த பெரிய பாதிப்பு வந்தது. 140 குழுவில் 4,683 பேர். அவர்களில் 319 பேருக்கு வந்தது. 1000 பேருக்கு என்று மாற்றினால் 52, 68. அதாவது 1000 பேரில் 16 பேர் குறைவு. எத்தனை காலத்தில் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்: ஏறக்குறைய மூன்றேகால் ஆண்டில். ஸ்லைடில் இருந்த 1.65 என்பது ஓர் ஆண்டுக்கான கணக்கு. காலத்தை விட்டுவிட்டு "100 பேரில் 2 பேர்" என்று எழுதிய வரைவுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நம் மக்களுக்கு நூற்றுக்கு இத்தனை என்பதுதான் பழக்கம், 1000 எதற்கு என்று உங்கள் மருத்துவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இங்கே நூறு ஏமாற்றிவிடும். 5.2ஐ 5 ஆகவும் 6.8ஐ 7 ஆகவும் மாற்றினால், 1.6 ஆக இருந்த வித்தியாசம் 2 ஆகிவிடுகிறது. அடுத்து பாதிப்பு அட்டவணைக்குப் போங்கள். சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்பட்டவர்கள் 120 குழுவில் 4.1 சதவீதம், 140 குழுவில் 2.5 சதவீதம். இவற்றை வழக்கப்படி 4, 3 என்று முழு எண்ணாக்கினால், இங்கேயும் 1.6 ஆக இருந்த வித்தியாசம் 1 ஆகச் சுருங்கிவிடுகிறது. யாரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் தாளில் நன்மை இரண்டு, தீமை ஒன்று என்று பதிவாகிவிட்டது. 1000க்கு எழுதினால் உண்மை தெரியும்: இதயம், ரத்தக்குழாய் சார்ந்த பாதிப்பு 16 பேருக்குக் குறைந்தது, சிறுநீரகப் பாதிப்பு 16 பேருக்கு அதிகமானது. ஒரே தராசு, ஒரே படிக்கல் என்று இரண்டையும் நிறுத்துக் காட்டுவது எழுதுபவரின் கடமை. நன்மையைச் சதவீதத்திலும் தீமையைத் தலை எண்ணிக்கையிலும் சொல்லும் தாளை நான் ஏற்கவே மாட்டேன்.

இரண்டும் 16 என்பதால் ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிட்டது என்றும் எழுதக் கூடாது. ஒரு மரணமும் ஒரு சிறுநீரகப் பாதிப்பும் சமமில்லை. ஸ்பிரிண்டில் எந்தக் காரணத்தாலும் இறந்தவர்கள் 1000க்கு 45இலிருந்து 33 ஆகக் குறைந்தார்கள். இதைத் தனி வரியாகச் சொல்ல வேண்டும். எது பெரிது என்று தீர்ப்பு சொல்லும் இடம் அந்தத் தாள் இல்லை.

இன்னொரு குழி, முதன்மை முடிவு என்பது பல நோய்களின் கூட்டு. ஸ்பிரிண்டில் மாரடைப்பு, மாரடைப்பு அல்லாத பிற திடீர் இதய ரத்தக்குழாய்ப் பாதிப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு, இதய நோயால் மரணம் ஆகிய ஐந்தையும் சேர்த்தே எண்ணினார்கள். இப்படிப்பட்ட முடிவை "மாரடைப்பும் பக்கவாதமும் குறைந்தன" என்று எழுதத் தோன்றும், ஏனென்றால் மக்களுக்குத் தெரிந்த பெயர்கள் அவைதாம். குழுவின் மொத்தத் தலை எண்ணிக்கையில் பிரித்துப் பாருங்கள். இதயச் செயலிழப்பு 140 குழுவில் 100 பேருக்கு வந்தது, 120 குழுவில் 62 பேருக்கு வந்தது. இதய நோயால் மரணம் 65இலிருந்து 37 ஆனது. பக்கவாதமோ 70இலிருந்து 62, மாரடைப்பு 116இலிருந்து 97 ஆனது. இந்த இரண்டிலும் வித்தியாசம் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. தந்தைக்குப் பக்கவாதம் வந்ததைப் பார்த்த ஒருவர், அந்தப் பயத்திலேயே ஆய்வில் சேர்ந்திருப்பார். அவருக்குப் பக்கவாதம் குறைந்தது என்று எழுதுவது, ஆய்வு தராத வாக்குறுதியைத் தருவதாகும். கூட்டு முடிவு வந்தால், அதன் ஒவ்வொரு பாகத்துக்கும் என்ன ஆனது என்ற துணை ஸ்லைடைக் கேட்டு வாங்காமல் எழுதத் தொடங்காதீர்கள்.

பாதிப்பு அட்டவணையின் முதல் வரியும் பயமுறுத்தும். ஸ்பிரிண்டில் "தீவிர பாதிப்பு" கண்டவர்கள் 120 குழுவில் 38.3 சதவீதம், 140 குழுவில் 37.1 சதவீதம். விதிப்படி, ஆய்வுக் காலத்தில் மருத்துவமனையில் சேர நேர்ந்த எதுவும் இந்தக் கணக்கில் வரும். பஸ்ஸிலிருந்து விழுந்து கால் முறிந்தாலும் வரும். மருந்தால் வந்ததா, வேறு காரணமா என்று பார்க்காமல் எண்ணியது இது என்ற ஒரு வாக்கியத்தைச் சேர்க்காவிட்டால், பத்தில் நான்கு பேரை மாத்திரை படுக்க வைத்துவிட்டது என்றே படிப்பார்கள்.

புள்ளியியல் குறியீடுகளைத் தாளில் போட வேண்டாம். "இவ்வளவு பெரிய வித்தியாசம் தற்செயலாக மட்டும் வருவது அரிது" என்ற வாக்கியம் போதும். "உறுதியாக நிரூபிக்கப்பட்டது" என்று நீட்டாதீர்கள்.

இவற்றை வைத்து முடிவுப் பகுதியை நான் இப்படி எழுதுவேன்:

"சுமார் மூன்றேகால் ஆண்டுகள் பார்த்தோம். 140க்குக் கீழே வைத்திருந்த குழுவில், 1000 பேரில் 68 பேருக்கு இதயம் அல்லது ரத்தக்குழாய் சார்ந்த பெரிய பாதிப்பு வந்தது. 120க்குக் கீழே கொண்டுவந்த குழுவில், 1000 பேரில் 52 பேருக்கு வந்தது. இரண்டு குழுக்களிலும் 900க்கும் மேற்பட்டோருக்கு அப்படி எதுவும் வரவில்லை. 120 குழுவில் சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்பட்டவர்கள் அதிகம்: 1000 பேரில் 41 பேர். 140 குழுவில் 25 பேர். பக்கவாதம் குறைந்ததா என்பதை இந்த ஆய்வால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை."

பாதிப்பு வராதவர்களின் எண்ணிக்கையை வேண்டுமென்றே சேர்த்திருக்கிறேன். அது இல்லையென்றால், மாத்திரை குறைவாகச் சாப்பிட்டவர்கள் தங்களுக்கு நிச்சயம் ஏதோ வரப்போகிறது என்று கலங்குவார்கள்.

பிறகு, யாருக்கு இது பொருந்தும் என்ற பகுதி. ஸ்பிரிண்டில் சர்க்கரை நோய் உள்ளவர்களையும், முன்பே பக்கவாதம் வந்தவர்களையும் சேர்க்கவில்லை. ஸ்லைடில் இது பொடி எழுத்தில் இருக்கும். தாளில் பெரிய எழுத்தில் வர வேண்டும். சென்னையில் இந்தத் தாள் பங்கேற்றவரோடு நின்றுவிடாது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் சேர்த்து மாத்திரை சாப்பிடும் அண்ணி படிப்பார், எதிர்வீட்டுத் தாத்தா படிப்பார். கூடவே, அழுத்தம் அளந்த முறையையும் ஒரு வரியில் சொல்லுங்கள்: ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வைத்து, தானியங்கிக் கருவியால் மூன்று முறை அளந்து சராசரி எடுத்தார்கள். படியேறி வந்த மூச்சோடு மருந்துக்கடையில் அளந்த எண்ணை அதோடு ஒப்பிடக் கூடாது. "மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையைக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம்" என்ற வரி இந்தப் பகுதியின் முதல் வரியாகவே இருக்கட்டும்.

வரைவு முடிந்ததும் ஆய்வுக்கும் மருத்துவத்துக்கும் தொடர்பில்லாத சிலரிடம் படிக்கக் கொடுங்கள். "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள், மரியாதைக்காக எல்லோரும் புரிந்தது என்பார்கள். "இதை உங்கள் மகளிடம் எப்படிச் சொல்வீர்கள், அம்மா?" என்று கேளுங்கள். பெரம்பூரில் தையல் கடை வைத்திருக்கும் ஓர் அம்மாவிடம் இதுபோன்ற ஒரு வரைவைக் கொடுத்தபோது, "புது முறையில் இருந்தால் மாரடைப்பு வராது" என்று திருப்பிச் சொன்னார். "தடுக்கிறது" என்ற சொல் அப்படிப் படிக்க வைத்திருந்தது. "1000 பேரில் இத்தனை பேருக்கு வந்தது" என்று மாற்றியதும் சரியாகச் சொன்னார். திருப்பிச் சொல்வதில் எண் தவறினால் பெரிதில்லை. எந்தக் குழுவில் எது கூடியது, எது குறைந்தது என்பது தவறினால் வாக்கியத்தை மாற்றியே ஆக வேண்டும்.

நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் தாள் வெளியே போகக் கூடாது. தாளில் உள்ள ஒவ்வொரு எண்ணும் எந்த ஸ்லைடிலிருந்து வந்தது, எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று ஒரு தனிப் பக்கம் தயாரித்து, புள்ளியியலாளரைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். குழுவுக்கும் அது உதவும்.

உங்கள் பரிசோதனையில் யாருக்கு எந்த மருந்து என்று மறைத்து வைத்திருந்தால், தாள் போய்ச் சேர்ந்ததும் வரும் முதல் தொலைபேசிக் கேள்வி "நான் எந்தக் குழுவில் இருந்தேன்?" என்பதுதான். அதை எப்போது, யார் சொல்வார்கள் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்து தாளிலேயே எழுதுங்கள். தொலைபேசி எடுப்பவரும் முதலில் படித்திருக்க வேண்டும். அஞ்சலில் சேர்ப்பதற்கு முன் முகவரிப் பட்டியலை ஒருமுறை பாருங்கள். ஆய்வுக் காலத்தில் இறந்தவர்களின் பெயருக்கு உறை போகக் கூடாது. அவர்கள் வீட்டாரை முதலில் தொலைபேசியில் அழைத்து, முடிவைத் தெரிந்துகொள்ள விரும்புகிறார்களா என்று கேட்டு, விரும்பினால் அவர்கள் பெயருக்கே ஒரு கடிதத்தோடு அனுப்புங்கள்.