ஆத்துவாயில் கட்டிப் போடும் 24 அடி ஃபைபர் படகு, பெயின்ட் அடித்து மூணு மாசத்தில் அடியெல்லாம் ஓட்டோடு ஒட்டி வளரும் கொட்டலசு. வேகமும் குறைந்து, பெட்ரோலும் அதிகம் குடிக்கிறது. என்ன செய்யலாம்?

மூணு மாசத்தில் இந்த நிலை என்றால் அடித்தது சாதாரண எனாமலாகத்தான் இருக்கும். நம்ம தேங்காப்பட்டணம் பக்கம் பலரும் அப்படித்தான் அடிக்கிறார்கள். எனாமல் நிறம் தரும், கொட்டலசைத் தடுக்காது. கொட்டலசு ஒட்டாமல் இருக்கவென்றே செய்யும் ஆன்டிஃபவுலிங் பெயின்டில் பெரும்பாலும் குப்ரஸ் ஆக்சைடு, அதாவது செம்புச் சேர்மம் இருக்கும். அது கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரைந்துகொண்டே இருப்பதால், ஒட்ட வரும் கொட்டலசுக் குஞ்சுகள் பற்றிக்கொள்வது கடினம்.

ஓடும் படகு அடியை ஒட்டிய தண்ணீரையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். அடி சொரசொரப்பானால் அப்படி இழுபடும் தண்ணீர் அதிகம், அதற்கும் சேர்த்துத்தான் பெட்ரோல் எரிகிறது. முழு ஆக்ஸிலேட்டர் கொடுத்தும் ஆர்பிஎம் பழைய அளவுக்கு ஏறவில்லையா? மெக்கானிக்கிடம் போகும் முன் புரொப்பல்லரைப் பாருங்கள். இறக்கையில் நாலைந்து கொட்டலசு இருந்தாலே தள்ளு சக்தி நன்றாகக் குறையும். கட்டிப் போடும்போது எஞ்சினைத் தண்ணீருக்கு மேலே தூக்கி வைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

படகைக் கரையேற்றியதும் ஈரம் காயும் முன்பே சுரண்டுங்கள். காய்ந்தால் பாசியும் கல்லாகிவிடும். இரும்புத் தகட்டின் முனை ஃபைபரின் வழவழப்பான மேல்பூச்சான ஜெல்கோட்டைக் கீறும், பிளாஸ்டிக் அல்லது மரத்தகடு போதும். ஓடு போனாலும் வட்ட வட்டமாக வெள்ளைத் தடம் ஒட்டியிருக்கும். அதைத் தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்த்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மேலே அடிக்கும் பெயின்ட் அங்கே முதலில் உரியும். எனாமல் முழுவதும் போகட்டும். அதன் மேலேயே அடித்தால் புது பெயின்டின் கரைப்பான் அதைச் சுருக்கித் தூக்கிவிடும். பிற்பாடு செம்பு பெயின்டைத் தேய்க்க நேர்ந்தால் உலர்வாகத் தேய்க்காதீர்கள், தூசி விஷம். முகமூடி போட்டு, கீழே தார்ப்பாய் விரித்து, கழிவை ஆற்றில் விடாமல் அள்ளுங்கள்.

அப்புறம் எபாக்ஸி பிரைமர். அது விரல் வைத்தால் லேசாக ஒட்டுகிற பதத்தில் இருக்கும்போதே ஆன்டிஃபவுலிங் முதல் கோட்டை அடித்தால் நன்றாகப் பிடிக்கும். எவ்வளவு வாங்குவது? நீளம் 24 அடி, அகலம் 6 அடி என்று வைத்தால் 144 சதுர அடி. அடிப்பகுதி வளைந்து ஒடுங்குவதால் 0.85ஆல் பெருக்குங்கள்: சுமார் 122 சதுர அடி, அதாவது 11 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல். லிட்டருக்கு 8 சதுர மீட்டர் என்றால் இரண்டு கோட்டுக்கு 3 லிட்டர். டப்பாவில் போட்டிருக்கும் அளவையும் பாருங்கள். நீர்மட்டக் கோட்டிலும் முன்பக்க முனையிலும் தேய்மானம் அதிகம், மிச்சத்தை அங்கே அடியுங்கள். அரிப்பைத் தன் மேல் வாங்கிக்கொள்ள எஞ்சினில் பூட்டியிருக்கும் துத்தநாகத் துண்டின் மேல் எந்த பெயின்டும் படக்கூடாது. எஞ்சினின் அலுமினியப் பகுதியில் செம்பு பெயின்ட் பட்டால் அரிப்பு வரும்.

நீரோடி, வள்ளவிளை மாதிரி தினமும் மணலில் ஏற்றும் வள்ளங்களுக்கு இந்தச் செலவே தேவையில்லை, காய்ந்த அடியில் கொட்டலசு வளராது. உங்களுடையது தண்ணீரிலேயே கிடப்பதால் வாரம் ஒருமுறை மெல்லிய ஸ்பாஞ்சால் வழுவழுப்பைத் துடையுங்கள். கெட்டி பிரஷ் வேண்டாம், பெயின்டும் சேர்ந்து போகும். முதல் கோட்டைச் சிவப்பிலும் இரண்டாவதைக் கறுப்பிலும் அடித்துவையுங்கள். கறுப்புக்கு இடையே சிவப்பு தெரிய ஆரம்பித்தால் மறுபடி அடிக்கும் நேரம் வந்துவிட்டது.