அனுபவமுள்ளவர் ஏன் தயங்குகிறார்?

"ஐந்து ஆண்டு அனுபவமுள்ள கணக்காளர், ஜிஎஸ்டி தாக்கலில் ஒவ்வொன்றையும் என்னிடம் கேட்கிறார். விளக்கினால் இன்னும் அதிகம் கேட்கிறார்."

ஐயா, அவர் முன்பு தாக்கல் செய்த படிவங்களைப் பாருங்கள். பிழை இல்லையென்றால் குறைவது திறமை அல்ல, துணிவு. அவரிடம் நீங்கள் விளக்க விளக்க, தன்மீது உங்களுக்கு நம்பிக்கை இல்லை என்றே அவருக்குப் படும்.

அடுத்த முறை உள்ளீட்டு வரி வரவு பற்றிக் கேட்டால், "நீங்கள் என்ன முடிவெடுப்பீர்கள், ஏன்?" என்று கேளுங்கள். பதில் சரியென்றால், "அப்படியே தாக்கல் செய்யுங்கள், பொறுப்பு என்னுடையது" என்று சொல்லி விலகிக்கொள்ளுங்கள். கேள்விகள் குறைகின்றனவா என்று இரண்டு மூன்று மாதத் தாக்கல்களில் தெரிந்துவிடும்.

ஆனால் இந்த அணுகுமுறை இந்த வேலைக்கு மட்டுந்தான். அவருக்கே முதன்முறையாகத் தணிக்கை வேலையைக் கொடுத்தால், அங்கே படிப்படியாகச் சொல்லித்தர வேண்டும். தினமும் சரிபார்க்கவும் வேண்டும்.