கூறு 100 ரூபாய் என்றால் எத்தனை கிலோ?

சந்தையில் எடுத்த போட்டோவில் இருக்கும் விலைப் பலகை, மளிகைச் சீட்டு எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதித் தர வேண்டும். பாதி வார்த்தை சுருக்கமாக இருக்கிறது, அளவும் புரியவில்லை. என்ன செய்வது?

நீங்கள் தனித்தனி வார்த்தையாகப் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எங்கள் பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் மீன் பலகையில் பெரும்பாலும் பெயர், அளவு, விலை என்ற வரிசைதான். அதைப் பிடித்துக்கொண்டால் 'பாறை கால் 120' என்பதில் கல்லும் இல்லை, காலும் இல்லை, பாறை மீன் கால் கிலோ 120 ரூபாய், அவ்வளவுதான். இதே வேலையில் நானும் ஆரம்பத்தில் ஒரு பலகையில் 'சூடை 801' என்று எழுதிக் கொடுத்தேன். சாக்பீஸில் எழுதியது 80/-, அந்தச் சாய்கோடு நிமிர்ந்து நின்றதால் ஒன்று மாதிரித் தெரிந்தது. மேல் வரியில் விளமீனே 450 என்று இருக்கும்போது சூடைக்கு 801 யார் கொடுப்பார்கள்? அதிலிருந்து அக்கம்பக்கத்து வரியைப் பார்க்காமல் எந்த விலையையும் எழுதுவதில்லை.

மளிகைச் சீட்டிலும் இதேதான். சமீபத்தில் வந்த ஒரு சீட்டு இப்படி இருந்தது: 'து.ப 1 கி, உ.ப ½, வத்தல் ½, மல்லி ½, ம.தூள் 100, சீரகம் 50 கி'. து.ப துவரம் பருப்பு, உ.ப உளுத்தம் பருப்பு. 1 கி என்றால் கிலோ, 50 கி என்றால் கிராம், வீட்டுக்கு யாரும் 50 கிலோ சீரகம் வாங்கமாட்டார்கள். சிக்கல் ம.தூளில்தான், அது மஞ்சளாகவும் இருக்கலாம், மல்லியாகவும் இருக்கலாம், மிளகாயாகவும் இருக்கலாம். ஆனால் வத்தலும், அதாவது காய்ந்த மிளகாயும், மல்லியும் முழுசாக அரை அரை கிலோ வாங்குகிறார்கள், அப்படியென்றால் மில்லில் கொடுத்துத் திரிக்கப் போகிறார்கள். தூளாக வாங்க மிச்சம் இருப்பது மஞ்சள்தான். மல்லியும் வத்தலும் சீட்டில் இல்லாவிட்டால் நான் இப்படி முடிவு செய்யமாட்டேன், சந்தேகம் என்று குறித்து வைத்துவிடுவேன். எல்லா ஊருக்கும் இது சரிவரும் என்று நான் சொல்லவில்லை, உடனே சண்டைக்கு வராதீர்கள்.

அப்புறம் கூறு. இதைச் சொல்லாமல் என்னால் முடிக்க முடியாது. 'நெத்திலி கூறு 100' என்று இருந்ததை 'ஒரு குவியல் 100 ரூபாய்' என்ற பொருளில் எழுதினேன். வேலை கொடுத்த இடத்தில் சரிபார்த்தவர் எத்தனை கிலோ என்று கேட்டுத் தப்பு போட்டார். கூறுக்கு ஏது கிலோ? கண்ணளவில் பிரித்து வைப்பது அது. காலையில் ஒரு அளவு இருக்கும், மதியம் மீன் மிஞ்சினால் அதே 100 ரூபாய்க்குக் கூறு பெரிதாகும். நானாக அரை கிலோ என்று போட்டால் அதுதான் பொய். இதை விளக்கி இரண்டு முறை எழுதியும் அந்தப் படத்துக்கான காசைப் பிடித்துக்கொண்டார்கள். என் அத்தை முப்பது வருடமாகத் தராசே இல்லாமல் கூறு வைத்துத்தான் விற்கிறார்.