ரத்தக்கசிவு கிரேடு 2 என்றார்கள், இப்போது கூடிவிட்டதா?

கேள்வி: என் மகள் 28 வாரத்தில் பிறந்தாள். எடை 1,050 கிராம். மூன்றாம் நாள் தலை ஸ்கேனில் வலது பக்கம் கிரேடு 1, இடது பக்கம் கிரேடு 2 ரத்தக்கசிவு என்றார்கள். பன்னிரண்டாம் நாள் ஸ்கேனில் இடது வென்ட்ரிக்கிள் பெரிதாகியிருக்கிறதாம். கிரேடு 3 ஆகிவிட்டதா? ஏழாம் மாதத்தில் நான் பஸ்ஸில் ஊருக்குப் போய் வந்ததுதான் காரணமா?

பதில்: பஸ் பயணத்தை முதலில் மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். இந்தக் கசிவு பெரும்பாலும் பிறந்த பிறகு, முதல் மூன்று நாட்களுக்குள் நடப்பது. மூளையின் நடுவே திரவம் நிறைந்த அறைகள் உண்டு, அவைதான் வென்ட்ரிக்கிள். அவற்றின் ஓரத்தில், புது மூளை செல்கள் உருவாகும் மெத்தென்ற திசு ஒன்று இருக்கிறது. அதன் ரத்தக்குழாய்கள் ஈரக் காகிதம் மாதிரி. மூச்சுத்திணறலிலோ ரத்த அழுத்தம் ஏறி இறங்கும்போதோ சட்டென்று கிழிந்துவிடும். கிட்டத்தட்ட 34 வாரத்துக்குள் அந்தத் திசு தானாகவே சுருங்கி மறைந்துவிடுவதால்தான், நிறைமாதக் குழந்தைகளிடம் இந்த வகைக் கசிவை அபூர்வமாகவே பார்க்கிறோம்.

கிரேடு என்பது ரத்தம் எதுவரை போயிருக்கிறது என்பதற்கு வைத்த எண். 1978-ல் பப்பைல் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் வகுத்த முறைதான் இதற்கு அடிப்படை. அந்தத் திசுவுக்குள்ளேயே நின்றுவிட்டால் 1. வென்ட்ரிக்கிளுக்குள் இறங்கி, அதில் பாதிக்கும் குறைவாகவே இருந்தால் 2. பாதிக்கு மேல் நிறைந்து, ரத்தமே அறையை ஊதிப் பெரிதாக்கினால் 3. பக்கத்திலுள்ள மூளைத் திசுவிலும் சேதம் இருந்தால் 4. மூன்றாவதே வழிந்து நான்காவது ஆகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது அப்படியில்லை. உறைந்த ரத்தம் அருகிலுள்ள சிரையை அடைக்கிறது. ரத்தம் வெளியேற வழியில்லாமல் அந்த இடத்துத் திசு பாதிக்கப்படுகிறது. இது பெரும்பாலும் ஒரு பக்கம்தான் வரும். அதனால் எதிர்ப்பக்கக் கை காலில் பிற்பாடு இறுக்கம் வரலாம். 1, 2 உள்ள பெரும்பாலான குழந்தைகள், கசிவே இல்லாத அதே வாரக் குழந்தைகளைப் போலத்தான் வளர்கிறார்கள். 3, 4 என்றால் கவலைக்கு நியாயம் உண்டு. ஆனாலும் அந்த எண்ணை வைத்து மட்டும் ஜாதகம் கணிக்க முடியாது.

சரி, உங்கள் மகளுக்கு வருவோம். முதல் வாரத்தில் கசிவே கூடி, 2 என்பது 3 ஆவதும் உண்டு. ஆனால் பன்னிரண்டாம் நாள் ஸ்கேனில் புது ரத்தம் இல்லாமல் அறை மட்டும் பெரிதாகியிருந்தால் அது கிரேடு 3 அல்ல. பழைய ரத்தம் கரையும்போது அந்தத் துகள்கள் மூளைநீர் வடியும் பாதையை அடைக்கின்றன. நீர் தேங்கி அறை வீங்குகிறது. இது கசிவின் பின்விளைவு. ஆங்காங்கே ரிப்போர்ட்டில் இரண்டையும் குழப்பி எழுதிவிடுகிறார்கள், அதனால்தான் இந்தப் பயம். 'புது ரத்தம் இருக்கிறதா, நீர் மட்டும்தான் சேர்ந்திருக்கிறதா?' என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்.

நீர்தான் என்றால், இனி முக்கியம் கிரேடு இல்லை, மில்லிமீட்டர். வென்ட்ரிக்கிளின் அகலத்தை அளந்து, அந்த வாரத்துக் குழந்தைக்கான வரைபடத்தில் குறிப்பார்கள். மேல்கோட்டைத் தாண்டி 4 மி.மீ. போகும்வரை காத்திருப்பது பழைய வழக்கம். இப்போது பல இடங்களில் அதற்கு முன்பே தலையிடுகிறார்கள். பலருக்கு வீக்கம் தானாகவே நின்றுவிடும். நிற்காவிட்டால் முதுகில் ஊசி வழியாக நீர் எடுப்பார்கள், அதுவும் போதாதென்றால் தலைத்தோலுக்கு அடியில் சிறு குமிழ் ஒன்றை வைத்து அதிலிருந்து எடுப்பார்கள். வயிற்றுக்குள் வடிய வைக்கும் குழாயான ஷன்ட், எடை சுமார் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறிய பிறகுதான்.

தலைச் சுற்றளவையும் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை அளக்கச் சொல்லுங்கள். வாரத்துக்கு 1 செ.மீ. வளர்ச்சி இயல்பு. 2 செ.மீ. தாண்டினாலோ, உச்சிக்குழி புடைத்தாலோ, திரும்பத் திரும்ப மூச்சு நின்றுபோனாலோ அன்றே ஸ்கேன் வேண்டும். ஒரு எச்சரிக்கை: குறைமாத மூளை மிருதுவானது, உள்ளே அறை பெரிதாகிச் சில நாட்கள், சில சமயம் வாரங்கள் கழித்துத்தான் தலை வெளியே பெருக்கும். தலை சரியாக இருக்கிறது என்று ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். இப்போதைக்கு வாரத்துக்கு ஒருமுறையாவது, முடிந்தால் இருமுறை எடுப்பது நல்லது.

அப்புறம், பிரசவத் தேதியை ஒட்டி ஒரு ஸ்கேன் கட்டாயம். சிலருக்கு வென்ட்ரிக்கிளை ஒட்டிய வெள்ளைப் பகுதியில் சிறு கட்டிகள் போன்ற நீர்க்குழிகள் இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் தெரியும். முதல் ஸ்கேனில் அவை இருக்கவே இருக்காது. வீட்டுக்குப் போன பிறகு ஒன்றைக் கவனியுங்கள்: ஒரு வயதுக்கு முன்பே பொம்மையை எடுக்க ஒரே கையைத்தான் நீட்டுகிறாள், மற்றொரு கையை மடக்கியே வைத்திருக்கிறாள் என்றால் 'வலது கைப் பழக்கம்' என்று விட்டுவிடாமல் கூட்டிவாருங்கள்.