ஓட்டல் ஊழியர்களுக்குத் தண்ணீர், கரண்ட் சிக்கனச் சுற்றறிக்கை

கேள்வி: சென்னையில் 40 அறை கொண்ட லாட்ஜ் எங்களுடையது. தண்ணீரையும் கரண்டையும் மிச்சப்படுத்தச் சொல்லி ஊழியர்களுக்கு ஒரு சுற்றறிக்கை எழுத வேண்டும். என்ன எழுதலாம்?

பதில்: நான் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராக இருந்தவன். "தண்ணீரை வீணாக்காதீர்கள்" என்று பொதுவாக எழுதினால் அதை யாரும் தனக்கென்று எடுத்துக்கொள்வதில்லை. யார், எப்போது, எதைச் செய்ய வேண்டும் என்று எழுதுங்கள்.

காரணத்தையும் உங்கள் கட்டடத்திலிருந்தே சொல்லுங்கள். போன மாதம் லாரித் தண்ணீருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள், கரண்ட் பில் எவ்வளவு என்று அப்படியே போடுங்கள். 2019 கோடையில் சென்னை தண்ணீருக்குத் தவித்ததைப் பழைய ஆட்களுக்கு நினைவூட்டவே தேவையில்லை. சம்பில் இருந்து மோட்டார் ஏற்றி, கீசர் சூடாக்கிய தண்ணீர் அது, வீணானால் கரண்டும் சேர்ந்தே போகிறது என்பதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

ரூம் பாய்க்கு இப்படி எழுதலாம்: "செக் அவுட் ஆனதும் முதல் வேலை ஏசியையும் கீசரையும் அணைப்பது. ஸ்கிரீனை விலக்கி, பகல் வெளிச்சத்தில் சுத்தம் செய்யவும். கீ கார்டு ஸ்லாட்டில் பழைய கார்டைச் செருகி வைக்கக் கூடாது. அடுத்த விருந்தினருக்கு ஏசியை 24 டிகிரியில் வைக்கவும். தங்கியிருப்பவர் கம்பியில் மாட்டிய துண்டை மாற்ற வேண்டாம், தரையில் போட்டால் மாற்றவும்." ஆள் மாறினால் பெட்ஷீட் கட்டாயம் மாற்ற வேண்டும், கை கழுவுவதில் சிக்கனம் கிடையாது என்பதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் சிக்கனத்தைச் சாக்காகச் சொல்லிவிடுவார்கள்.

பெரிய கசிவு ஃப்ளஷ் டேங்கில்தான். போர் தண்ணீரின் உப்பு படிந்து ரப்பர் வாஷர் சரியாக உட்காராது, தண்ணீர் சத்தமில்லாமல் கோப்பைக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். டேங்கில் கொஞ்சம் கேசரி கலர் போட்டு, இருபது நிமிடம் ஃப்ளஷ் செய்யாமல் விட்டுப் பாருங்கள். கோப்பையில் நிறம் தெரிந்தால் கசிகிறது. உப்பைச் சுரண்டினாலே பாதி சரியாகும், இல்லையென்றால் வாஷரை மாற்றுங்கள். பாத்ரூம் குழாய் சொட்டினால் கீழே ஒரு லிட்டர் மக்கை வையுங்கள். பத்து நிமிடத்தில் நிறைந்தால் ஒரு நாளைக்கு 144 லிட்டர். இந்தக் கணக்கைச் சுற்றறிக்கையில் போட்டால் யாரும் "சின்ன சொட்டுதானே" என்று விடமாட்டார்கள்.

இரவு வாட்ச்மேனுக்கும் ஒரு வேலை கொடுங்கள். மோட்டார் ஓடாத நேரத்தில், ஒரு மணிக்கும் நான்கு மணிக்கும் மாடித் தொட்டி மட்டத்தைக் குச்சியால் அளந்து எழுத வேண்டும். இரண்டு மீட்டருக்கு இரண்டரை மீட்டர் தொட்டி என்றால், பத்து சென்டிமீட்டர் இறக்கம் 500 லிட்டர். 40 அறையிலும் இரவில் அறைக்கொரு தடவை ஆறு லிட்டர் ஃப்ளஷ் செய்தாலும் 240தான் ஆகும். மீதி எங்கோ ஒழுகுகிறது. மறுநாள் இரவு ஒவ்வொரு மாடி வால்வாக அடைத்துப் பார்த்தால் எந்த மாடி என்று தெரிந்துவிடும்.

அப்புறம், வடமாநிலத்து ஆட்கள் இருந்தால் இந்தியிலும் ஒன்று ஒட்டி, காலை ஷிப்டில் வாசித்தும் சொல்லுங்கள்.