தினமும் மூன்று கரண்டி ஓட்ஸ் சாப்பிட்டும் எல்டிஎல் ஏன் இறங்கவில்லை?

*"எனக்கு எல்டிஎல் 152. டாக்டர் ஓட்ஸ் சாப்பிடச் சொன்னார். மூன்று மாதமாகக் காலையில் மூன்று கரண்டி ஓட்ஸ் கஞ்சி குடிக்கிறேன், சில நாள் பார்லித் தண்ணீரும் உண்டு. எண் அசையவே இல்லை. கடையில் பீட்டா குளுக்கான் மாத்திரை வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா? தைராய்டு மாத்திரையும் சாப்பிடுகிறேன்."*

மாத்திரை வாங்க வேண்டாம். உங்கள் ஓட்ஸிலும் குறை இல்லை. அளவுதான் போதவில்லை.

எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பைக் குறைப்பது ஓட்ஸிலும் பார்லியிலும் உள்ள பீட்டா குளுக்கான் என்ற கரையும் நார்ச்சத்து. இதில் ஒரு நாளைக்கு 3 கிராம் உள்ளே போக வேண்டும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997-லேயே ஓட்ஸுக்கு ஏற்றுக்கொண்ட அளவு இது. "ஓட்ஸ் சாப்பிடுங்கள்" என்று சொல்லி அனுப்புகிறார்களே, எத்தனை கிராம் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் என்ன? அந்த ஒரு வரி இல்லாததால் உங்களுக்கு மூன்று மாதம் வீணாகிவிட்டது.

கணக்கைப் பாருங்கள். அவல் போலத் தட்டையாக வரும் சாதாரண ஓட்ஸில் 100 கிராமுக்குச் சுமார் 4 கிராம் பீட்டா குளுக்கான் இருக்கும். தலைதட்டிய மேசைக்கரண்டி ஒன்றுக்கு 5 அல்லது 6 கிராம் ஓட்ஸ்தான் பிடிக்கும். மூன்று கரண்டி என்றால் 18 கிராம், அதில் கிடைப்பது 0.7 கிராம். தேவையில் கால் பங்குகூட இல்லை. பாக்கெட்டில் "நார்ச்சத்து 10 கிராம்" என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது எல்லா நார்ச்சத்தும் சேர்ந்த மொத்தக் கணக்கு. நமக்கு வேண்டிய எண்ணைப் பெரும்பாலான பாக்கெட்டுகளில் அச்சிடுவதே இல்லை. உணவில் உப்பு எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று எழுத வைக்க முடிகிறது. இதயப் படம் போட்டு விற்கும் பாக்கெட்டில் பீட்டா குளுக்கான் எவ்வளவு என்று எழுத வைக்க மட்டும் யாருக்கும் மனம் வரவில்லை.

3 கிராமை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். காலையில் 45 கிராம் ஓட்ஸ், அதாவது 240 மில்லி கோப்பையில் அரைக் கோப்பையும் மேலே ஒரு மேசைக்கரண்டியும். அதில் சுமார் 1.8 கிராம் வரும். இன்னொரு வேளையில் வேகவைக்காத எடையில் 30 கிராம் பார்லி. அதில் 1.2 கிராமோ கொஞ்சம் கூடவோ கிடைக்கும். தீட்டிய வெள்ளைப் பார்லியே போதும். ஓட்ஸில் இந்தச் சத்து வெளிப்பகுதியில் அதிகம். பார்லியில் மணியின் உள்ளே வரை பரவியிருப்பதால் தீட்டினாலும் பெரிதாகப் போகாது. முதல் வாரம் பாதி அளவில் தொடங்குங்கள், இல்லாவிட்டால் வயிறு உப்பும்.

சமைப்பதில் கவனிக்க வேண்டியது கொழகொழப்பு. பீட்டா குளுக்கான் குடலில் தண்ணீரோடு சேர்ந்து பசையாகிப் பித்த உப்புகளைப் பிடித்து வெளியே கொண்டுபோகிறது. புதிய பித்த உப்பு தயாரிக்கக் கல்லீரல் ரத்தத்தில் உள்ள எல்டிஎல்லை இழுத்துக்கொள்கிறது. எண் இறங்குவது இந்த வழியில்தான். பசைத்தன்மை போனால் பலனும் போகும்.

ஓட்ஸை 300 முதல் 350 மில்லி தண்ணீரில் போட்டு, கொதி வந்ததும் தீயைக் குறைத்து 5 முதல் 7 நிமிடம் கிளறி, இறக்கி 5 நிமிடம் மூடி வையுங்கள். கரண்டியிலிருந்து நூலாக வழுக்கி விழ வேண்டும். ஊறவைத்தால் அந்தத் தண்ணீரிலேயே வேகவையுங்கள். பார்லியை ஒருமுறை அலசிவிட்டு, நான்கு பங்கு தண்ணீரில் 40 முதல் 45 நிமிடம் வேகவையுங்கள். மணியை விரலில் நசுக்கினால் நடுவில் வெள்ளைக் கடினம் இருக்கக்கூடாது. பிரஷர் குக்கரில் வைத்தாலும் கெடாது.

உங்கள் பார்லித் தண்ணீரில் நடந்தது என்னவென்றால், சத்தில் ஒரு பகுதிதான் தண்ணீரில் இறங்கியிருக்கும். பெரும்பகுதி நீங்கள் வடிகட்டித் தூக்கி எறிந்த மணியிலேயே தங்கிவிட்டது. மணியையும் சேர்த்துச் சாப்பிடுங்கள். முளைகட்டிய பார்லியும் மால்ட் பானங்களும் இதற்கு உதவாது, முளைக்கும்போது உண்டாகும் நொதி இந்தப் பசையைத் துண்டாக்கிவிடும். கோதுமை மாவோடு கலந்து ஈஸ்ட் போட்டு நெடுநேரம் புளிக்கவிட்ட ரொட்டியிலும் இதே கதைதான்.

இனி மாத்திரை. பீட்டா குளுக்கான் என்ற பெயரில் விற்பவற்றில் பல, ஈஸ்டிலிருந்தோ காளானிலிருந்தோ எடுத்தவை. பெயர் ஒன்று, பொருள் வேறு. அதன் அமைப்பு வேறு, குடலில் இதுபோல் பசையாகாது, கொழுப்புக் கணக்கில் அதைச் சேர்க்க முடியாது. டப்பாவைத் திருப்பி மூலப்பொருளைப் படியுங்கள். ஓட்ஸிலிருந்தே எடுத்ததாக இருந்தாலும் 500 மில்லிகிராம் மாத்திரை நாளைக்கு ஆறு வேண்டும், அதுவும் முழுக்கச் சுத்தமான பீட்டா குளுக்கானாக இருந்தால். இதைத் தெரிந்துகொண்டே "தினம் ஒன்று போதும்" என்று விற்பவர்கள் உங்கள் பயத்தைக் காசாக்குகிறார்கள். ஓட்ஸ் பிஸ்கட்டும் அப்படித்தான். அதில் ஓட்ஸ் எத்தனை சதவீதம் என்று பாருங்கள்.

உங்கள் தைராய்டு மாத்திரை விஷயத்தை நிதானமாகப் படியுங்கள். லெவோதைராக்சினை ஓட்ஸ் கஞ்சியோடு சேர்த்தோ, குடித்த கையோடோ விழுங்கினால், நார்ச்சத்து அதை முழுதாக உறிஞ்ச விடாது. தைராய்டு ஹார்மோன் குறையும். அது குறைந்தால் எல்டிஎல் ஏறும். கொழுப்பைக் குறைக்கக் குடித்த கஞ்சியே இந்தச் சுற்றுவழியில் கொழுப்பை ஏற்றிவிடக்கூடும். ஆகவே எழுந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் மாத்திரை. குறைந்தது அரைமணி, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துக் கஞ்சி. ஒருநாள் முன்னே ஒருநாள் பின்னே என்று மாற்றாதீர்கள். கஞ்சியின் அளவைக் கூட்டப்போகும் இந்த நேரத்தில் டாக்டரிடம் சொல்லி, 6 முதல் 8 வாரத்தில், தைராய்டு ஹார்மோன் குறைந்தால் ரத்தத்தில் ஏறும் டிஎஸ்எச் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் மாற்றம் இருந்தால் மாத்திரை அளவை அவர் திருத்துவார்.

எவ்வளவு இறங்கும்? 3 கிராம் விடாமல் சாப்பிட்டால் எல்டிஎல் 5 முதல் 7 சதவீதம் குறைவதை எதிர்பார்க்கலாம். உங்கள் 152, 141-க்கும் 144-க்கும் இடையில் வரலாம். அதே கஞ்சியில் வெண்ணெயும் கிரீமும் சேர்த்தால் இதுவும் கிடைக்காது. இதய நோயோ சர்க்கரை நோயோ இருந்து கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை எழுதியிருந்தால், ஓட்ஸை நம்பி அதைத் தள்ளிப்போட வேண்டாம். இரண்டும் சேர்ந்தே வேலை செய்யும்.

ஆறு வாரம் கழித்து, முன்பு பார்த்த அதே ஆய்வகத்தில் எல்டிஎல்லும் டிஎஸ்எச்சும் ஒரே நாளில் எடுங்கள். எல்டிஎல் இறங்காமல் டிஎஸ்எச் ஏறியிருந்தால், முதலில் சரிசெய்ய வேண்டியது மாத்திரைக்கும் கஞ்சிக்கும் நடுவிலுள்ள இடைவெளியை.