சிங்கப்பூர்ல ரெஜிஸ்டர் மேரேஜ், ஊர் பஞ்சாயத்துல இன்னொரு ரெஜிஸ்ட்ரேஷனா?

கேள்வி: வக்கீல் சார், எனக்கு ஊரு கொழிஞ்சாம்பாறை, வேலை சிங்கப்பூர்ல. 2023ல அங்கயே ரெஜிஸ்டர் மேரேஜ் பண்ணிட்டோம். மனைவி என் தாய்மாமா பொண்ணு, மலேசியா பாஸ்போர்ட். 2024ல ஊர்க் கோயில்ல தாலி கட்டினோம். பஞ்சாயத்துல ரெஜிஸ்டர் பண்ணிட்டா அவளுக்கு இந்தியாவுக்கு ஆயுள் விசா மாதிரியான ஓசிஐ கார்டு ஈஸியா கிடைக்கும்னு எல்லாரும் சொல்றாங்க. பண்ணலாங்களா?

பதில்: பண்ணாதீங்க தம்பி. கேரளாவுல 2008 ரூல்ஸ்படி பஞ்சாயத்து ரெஜிஸ்டர் பண்றது அந்த எல்லைக்குள்ள நடந்த கல்யாணத்தை, அதுவும் 45 நாளைக்குள்ள மெமோராண்டம்ங்கற பதிவு மனு கொடுக்கணும், அதைத் தாண்டினா லேட் நடைமுறைதான். உங்க சிங்கப்பூர் கல்யாணத்தை அவங்களால தொடவே முடியாது, கோயில் கல்யாணத்தை மட்டும்தான் எழுதுவாங்க. அப்போ சட்டப்படி 2023லயே புருஷன் பொண்டாட்டி ஆன நீங்க, 2024லதான் கல்யாணம் ஆச்சுன்னு கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகும். ரெண்டு சர்டிபிகேட், ரெண்டு தேதி. நாளைக்கு விசா ஆபீசர் ஒருத்தர் ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தா என்ன கேப்பார்னு யோசிங்க.

ஓசிஐக்கு இது இன்னும் முக்கியம். இந்தியக் குடிமகனோட வெளிநாட்டு மனைவி அப்ளை பண்ணணும்னா கல்யாணம் ரெஜிஸ்டர் ஆகியிருக்கணும், அப்ளை பண்றதுக்கு முன்னாடி தொடர்ந்து ரெண்டு வருஷம் நிலைச்சிருக்கணும், இது குடியுரிமைச் சட்டம் 7ஏ பிரிவுல இருக்கறது. உங்களுக்கு 2023 தேதி கையில இருக்கும்போது நீங்களே போயி 2024 தேதியில ஒரு சர்டிபிகேட் வாங்கினா, எந்தத் தேதியில இருந்து எண்றதுங்கற வம்பு தானா வந்து சேரும்.

சரி, என்ன பண்ணலாம்? மொதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, சிங்கப்பூர்ல அந்த ஊர் சட்டப்படி முறையா நடந்த கல்யாணம் இந்தியாவுல ரெஜிஸ்டர் ஆகலைங்கறதுக்காக செல்லாமப் போகாது. உங்க ரெஜிஸ்ட்ரி சர்டிபிகேட்டுக்கு, அது அசல்தான்னு வெளிநாட்டுக்கு உறுதி சொல்ற அப்போஸ்டில் சான்று வாங்குங்க. இந்தியா 2005ல இருந்தே அப்போஸ்டிலுக்கான ஹேக் ஒப்பந்தத்துல இருக்கு, சிங்கப்பூர் 2021ல சேர்ந்துச்சு, அங்க அப்போஸ்டில் கொடுக்கறது சிங்கப்பூர் அகாடமி ஆஃப் லா. அப்போஸ்டில் இருந்தா இந்தியாவுல இந்த டாக்குமெண்ட் அசல்தானான்னு யாரும் மறுபடியும் எம்பஸி முத்திரை கேக்க வேண்டியதில்லை.

அடுத்தது இந்திய அரசோட ரெக்கார்டுலயே ஏறணும்னா வழி ஃபாரின் மேரேஜ் ஆக்ட் 1969, பிரிவு 17. சிங்கப்பூர்ல இருக்கற இந்திய ஹைகமிஷன்ல மேரேஜ் ஆபீசர்கிட்ட எழுதிக் கொடுத்தா, அந்த ஊர் சட்டப்படி நடந்த கல்யாணம்தான்னு அவருக்குத் திருப்தி ஆனா ரெஜிஸ்டர் பண்ணுவார். கல்யாணத்தப்போ ரெண்டு பேர்ல ஒருத்தராவது இந்தியக் குடிமகனா இருந்திருக்கணும், நீங்க இருந்தீங்க, அது போதும். சர்டிபிகேட் புக்குல நீங்க ரெண்டு பேரும் மூணு சாட்சிகளும் கையெழுத்துப் போடணும், அதனால லீவு இருக்கற மூணு சிநேகிதங்களைக் கூட்டிட்டுப் போங்க (இதுதான் நிறையப் பேருக்குப் பெரிய தலைவலி!).

இங்கதான் உங்க விஷயத்துல ஒரு முடிச்சு. ரெஜிஸ்டர் பண்ற நேரத்துல அதே சட்டத்தோட 4ஆம் பிரிவு நிபந்தனை எல்லாம் சரியா இருக்கணும், அதுல ஒண்ணு தடை செய்யப்பட்ட உறவு இருக்கக் கூடாதுங்கறது. அந்த லிஸ்ட்டு ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட்ல இருந்து வருது, அதுல தாய்மாமா பொண்ணு, அத்தை பொண்ணு ரெண்டுமே இருக்கு! நம்ம பக்கம் முறைப்பொண்ணுன்னு சீர் வெச்சுக் கட்டறதை டெல்லி லிஸ்ட்டு தடைன்னு போட்டிருக்கு. பயப்பட வேண்டாம், ரெண்டு பேர்ல ஒருத்தரோட சட்டமோ வழக்கமோ அனுமதிச்சா போதும்னு அங்கயே ஒரு விலக்கும் இருக்கு. ஆனா அந்த வழக்கம் உங்க சமூகத்துல ரொம்ப நாளா இருக்குன்னு காட்ட வேண்டியது நீங்கதான். ஆபீசர் உங்க பக்கத்து ஆளா இருக்கணும்னு இல்லையே. அதனால உறவை மறைக்காதீங்க, அப்பா அம்மா கையெழுத்துல ஒரு அஃபிடவிட், குடும்பத்துல ஏற்கெனவே இதே மாதிரி மாமா பொண்ணைக் கட்டின பெரியவங்க ஒருத்தரோட அஃபிடவிட், சாதிச் சான்றிதழ், இதையெல்லாம் ஊர்ல இருந்து வரவெச்சு மொதல்லயே கூட வெச்சுக் கொடுங்க. கேட்டதுக்கப்புறம் தேடி ஓடினா சந்தேகம்தான் கூடும்.

பேரையும் ஒருதடவை பாருங்க. ஆதார்ல இனிஷியல், பாஸ்போர்ட்ல அப்பா பேர் முழுசா, சிங்கப்பூர் சர்டிபிகேட்ல வேற வரிசைன்னு இருந்தா மூணும் ஒரே ஆள்தான்னு ஒரு அஃபிடவிட் சேத்துக்கோங்க.

பாலக்காட்டுல ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட் பிரிவு 15ல பதியலாமேன்னு யாராவது சொல்வாங்க. அதுக்கு நீங்க ரெண்டு பேரும் அந்த மாவட்டத்துல விடாம 30 நாள் தங்கியிருக்கணும், அதுக்கு மேல நோட்டீஸ் 30 நாள், அங்கயும் அதே உறவுக் கேள்விதான் வரும். வேலையை விட்டுட்டு வரணுமா?

ஹைகமிஷன்ல மறுத்தா வாயால சொன்னதோட திரும்பிடாதீங்க, காரணத்தை எழுத்துல கேளுங்க, 30 நாளைக்குள்ள மத்திய அரசுக்கு அப்பீல் பண்ணலாம்.